பதிவு முகவரியில் கம்பெனி இருக்கிறதா? விர்ச்சுவல் அலுவலகங்களை அடையாளம் காணும் முறை

ஒரு கம்பெனியின் மீது சந்தேகம் வந்தவுடன் பலரும் அதன் முகவரியைத் தேடிப் பார்க்கிறார்கள். அது வாடகைக்கு விடப்படும் பொது அலுவலகத்தின் முகவரி என்று தெரிந்தால் "மோசடிக் கம்பெனி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அரசுத் தளத்தில் கம்பெனி பதிவாகியிருப்பதையும் முகவரி அண்ணா சாலையில் இருப்பதையும் கண்டு நிம்மதி அடைகிறார்கள். இரண்டு முடிவும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. பதிவு முகவரி என்பது கம்பெனி வேலை செய்யும் இடம் என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஈரோட்டுக்கு அருகே செக்கு எண்ணெய் வியாபாரம் செய்யும் என் மச்சான், எண்ணெயைப் பாக்கெட்டில் அடைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க முடிவு செய்தார். இணையத்தில் கிடைத்த ஒரு கம்பெனி 4,80,000 ரூபாய் விலை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்டது. சென்னையில் சொந்தத் தொழிற்சாலை இருப்பதாக விற்பனையாளர் கூறினார். ஆனால் விலைப்புள்ளித் தாளில் இருந்த முகவரி "மூன்றாவது தளம், டெஸ்க் எண் 47, அண்ணா சாலை" என்று தொடங்கியது. அந்த முகவரியை நாங்கள் எப்படிப் படிப்படியாகச் சரிபார்த்தோம் என்பதை வைத்தே இந்த விஷயத்தை விளக்குகிறேன்.

## பதிவு அலுவலகம் எதற்காக இருக்கிறது

எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு வரும் தபாலைப் பிரிவுச் சாலை முக்கில் உள்ள மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. கடைக்காரர் வாங்கி வைப்பார், ஆள் வரும்போது கொடுப்பார். அந்தக் கடை முகவரியை வைத்து "இவர் மளிகை வியாபாரி" என்று யாரும் முடிவு செய்வதில்லை. அவருக்குக் கடிதம் அனுப்பினால் போய்ச் சேரும் என்பதற்கு மட்டுமே அந்த முகவரி உத்தரவாதம்.

கம்பெனியின் பதிவு அலுவலகமும் சட்டத்தின் பார்வையில் அதைப் போன்றதுதான். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 12, ஒவ்வொரு கம்பெனியும் தொடங்கிய 30 நாட்களுக்குள் ஒரு பதிவு அலுவலகத்தை வைத்திருக்க வேண்டும் என்கிறது. தனக்கு வரும் கடிதங்களையும் அறிவிப்புகளையும் பெற்று ஒப்புகை தரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். வழக்கறிஞர் நோட்டீஸ், வரித்துறைக் கடிதம், நீதிமன்றச் சம்மன் எல்லாம் அங்கேதான் போகும். ஆனால் தொழிற்சாலை, கிடங்கு, ஊழியர்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை.

ஆகவே பதிவு அலுவலகம் என்பது கம்பெனிக்குச் சட்டப்படி கடிதம் சேர்க்கும் இடம். வேலை அங்கே நடக்கலாம், வேறெங்கும் நடக்கலாம்.

## விர்ச்சுவல் அலுவலகம் எப்படி உருவாகிறது

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை அறிந்தவர்களுக்குக் கோ-வொர்க்கிங் இடத்தைப் புரிந்துகொள்வது எளிது. ஒரே கட்டடம், ஒரே நுழைவாயில், உள்ளே அவரவர் கட்டில். கோ-வொர்க்கிங் என்பது, பல கம்பெனிகளின் ஊழியர்கள் மேசைக்கோ சிறு அறைக்கோ மாத வாடகை செலுத்தி, ஒரே தளத்தில் அமர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு. அங்கே ஆட்கள் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். விர்ச்சுவல் அலுவலகம் என்பது, அதே தளத்தின் முகவரியையும் தபால் பெற்றுத்தரும் சேவையையும் மட்டும் வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு. அதில் கம்பெனிக்குக் கட்டில் கிடையாது, வாசலில் பெயர் மட்டும் உண்டு.

ஏற்பாடு நடக்கும் விதம் இது. சேவை நிறுவனம் ஒன்று கட்டட உரிமையாளரிடமிருந்து ஒரு தளத்தைக் குத்தகைக்கு எடுக்கிறது. பிறகு முகவரி கேட்டு வரும் ஒவ்வொரு கம்பெனிக்கும், பெரும்பாலும் 11 மாத காலத்துக்கு, ஒப்பந்தம் எழுதித் தருகிறது. அதோடு அந்த முகவரியைப் பயன்படுத்தத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தையும், அந்த இடத்தின் மின்கட்டண ரசீது நகலையும் தருகிறது. கம்பெனிப் பதிவுக்கு முகவரிச் சான்றாகக் கேட்கப்படுபவை ஏறக்குறைய இவைதான், ரசீது இரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் போதும். ஒரே மின்கட்டண ரசீது நூறு கம்பெனிகளின் கோப்பில் இருக்கலாம், ஒவ்வொன்றும் முறைப்படி சரியாகவே இருக்கும்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. வீட்டு முகவரியை ஊரறிய வெளியிட விரும்பாத தனிநபர் ஆலோசகர்களும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் கம்பெனிகளும் இதைத்தான் நாடுகிறார்கள். மாதம் சில ஆயிரம் ரூபாயில் நகரின் மையத்தில் ஒரு முகவரி கிடைக்கும் என்பதால், ஓடி ஒளிய நினைப்பவர்களும் இதையே நாடுகிறார்கள். முகவரியின் வகை மட்டும் இந்த இரு சாராரையும் பிரித்துக் காட்டாது. அந்தக் கம்பெனி செய்வதாகச் சொல்லும் தொழிலுக்கு இந்த முகவரி போதுமா என்பதுதான் பிரித்துக் காட்டும் கேள்வி. இணையதளம் வடிவமைப்பவருக்கு ஒரு மேசை போதும். இயந்திரம் தயாரிப்பவருக்கு ஒரு மேசை போதாது, ஆகவே இன்னொரு முகவரி எங்கோ இருந்தாக வேண்டும். அந்த இரண்டாவது முகவரியைத் தேடுவதுதான் நம் வேலை.

## முகவரியை எழுத்தெழுத்தாக வாசிப்பது

முதலில் முகவரி வரியையே நிதானமாக வாசிக்க வேண்டும். டெஸ்க், கேபின், சூட், வொர்க்ஸ்டேஷன் போன்ற சொற்களோடு ஓர் எண் வந்தால், அது பங்கிட்டுக்கொள்ளும் தளமாக இருக்க வாய்ப்பு அதிகம். தளத்தின் எண் இருந்து கதவு எண் இல்லாதிருப்பதும், 'மே/பா' என்று இன்னொரு நிறுவனத்தின் பெயர் வருவதும் கவனிக்கத் தக்கவை. இத்தகைய அடையாளம் எதுவுமே இல்லாத விர்ச்சுவல் முகவரிகளும் உண்டு. சில கம்பெனிகள் டெஸ்க் எண்ணை விட்டுவிட்டுக் கட்டடத்தின் பெயரை மட்டும் எழுதுவதுண்டு.

அடுத்து, கட்டட எண்ணையும் சாலைப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேட வேண்டும். முழு முகவரியையும் அப்படியே இட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அரசுப் பதிவில் முகவரி அவரவர் எழுதியபடியே ஏறுவதால், ஒரே தளம் ஓரிடத்தில் எண்ணாகவும் இன்னோரிடத்தில் ரோமன் எழுத்தாகவும் மற்றோரிடத்தில் சுருக்கெழுத்தாகவும் இருக்கும். தேடலை இந்த அளவுக்குச் சுருக்கினால் போதும்:

```
"கட்டட எண்" "Anna Salai" "virtual office"
"கட்டட எண்" "Anna Salai" "coworking"
```

முதல் இடத்தில் உண்மையான எண்ணையோ கட்டடப் பெயரையோ இட வேண்டும். எங்கள் தேடலில் முதல் பக்கத்திலேயே அந்தத் தளத்தை நடத்தும் சேவை நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. மாத வாடகை, ஜி.எஸ்.டி. பதிவுக்கான ஆவணங்கள், தபால் பெறும் வசதி என்று எல்லாம் அதில் வெளிப்படையாகவே இருந்தன. ஐந்து நிமிடத்தில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இது பல கம்பெனிகள் பங்கிட்டுக்கொள்ளும் பங்கு முகவரிதான்.

கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் சென்னையின் சாலைகளைப் பார்க்க முடியும். ஆனால் அது கட்டடத்தின் முகப்பைத்தான் காட்டும், மூன்றாவது தளத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. படம் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பார்க்காமல் அதை நம்பவும் கூடாது.

## எத்தனை கம்பெனிகள் என்பதைவிட எப்படிப்பட்ட கம்பெனிகள்

ஒரே முகவரியில் நாற்பது கம்பெனிகள் இருப்பதாகச் சொல்லி அதிர்ச்சி அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு தளக் கட்டடத்தில் நாற்பது கம்பெனிகள் இருப்பது சாதாரணம். ஒரே தளத்தில், ஒரே கதவு எண்ணில் நாற்பது இருந்தால் அது சேவை நிறுவனத்தின் தளம் அல்லது ஓர் ஆடிட்டரின் அலுவலகம். அதுவும் தன்னளவில் குற்றம் அல்ல.

கவலைப்பட வேண்டிய கூட்டம் வேறு வகையானது. ஒரே மாதத்தில் பதிவான பல கம்பெனிகள், மாறி மாறி வரும் அதே இரண்டு மூன்று இயக்குநர்கள், அடுத்தடுத்த பதிவு எண்கள் ஆகியவை ஒரே முகவரியில் சேர்ந்து வந்தால், அவை ஒரே கையால் உருவானவையாக இருக்கக்கூடும். இதைப் பார்க்கக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் www.mca.gov.in தளத்தில் கணக்குத் தொடங்கி, கம்பெனியின் அடிப்படைத் தகவலைத் திறக்கலாம். அதில் பதிவு முகவரி, தொடங்கிய தேதி, செலுத்தப்பட்ட மூலதனம், இயக்குநர்களின் பெயர் ஆகியவை இருக்கும். ஒரே முகவரியில் உள்ள மற்றக் கம்பெனிகளைப் பார்க்க விரும்புவோர், data.gov.in தளத்தில் மாநில வாரியாக வெளியிடப்படும் கம்பெனிப் பட்டியலை இறக்கிக்கொண்டு, பின்கோடு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அது அன்றாடம் புதுப்பிக்கப்படும் பட்டியல் அல்ல என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கம்பெனியின் அடையாள எண்ணையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. சி.ஐ.என். எனப்படும் அந்த 21 இலக்க எண்ணிலேயே பதிவான மாநிலத்தின் இரண்டெழுத்தும் தொடங்கிய ஆண்டும் அடங்கியிருக்கின்றன. விற்பனையாளர் எங்களிடம் "பதினைந்து வருட அனுபவமுள்ள கம்பெனி" என்றார். எண்ணில் இருந்த ஆண்டையும் பதிவில் இருந்த தொடங்கிய தேதியையும் பார்த்தால், கம்பெனி பிறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய கூட்டு வியாபாரம் கம்பெனியாக மாறியிருக்கலாம் என்பதால், இதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கேட்டுத் தெளிய வேண்டிய முதல் முரண்பாடு இது.

இதுவரை தெரிந்தது இவ்வளவு: முகவரி பங்கு முகவரி, கம்பெனி புதியது. இரண்டும் சேர்ந்தாலும் குற்றச்சாட்டு ஆகாது.

## இரண்டாவது முகவரியைத் தேடும் இடம்

என் அனுபவத்தில் அதிகம் பேசுவது ஜி.எஸ்.டி. பதிவுதான், அதைத்தான் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். விலைப்புள்ளியில் அச்சிட்டிருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அந்த எண்ணை www.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் இட்டால், கணக்குத் தொடங்காமலேயே பல தகவல்கள் கிடைக்கும்.

அவற்றில் ஒன்று முதன்மைத் தொழிலிடம். கம்பெனி தன் வியாபாரத்தை முதன்மையாக நடத்துவதாக வரித்துறைக்குச் சொன்ன முகவரி அது. பதிவு அலுவலகம் விர்ச்சுவலாக இருந்தாலும், உண்மையான தொழிற்சாலை உள்ள கம்பெனிக்கு இங்கே அம்பத்தூரோ கிண்டியோ வேறு தொழிற்பேட்டையோ வருவதுண்டு. நாங்கள் சரிபார்த்த கம்பெனிக்கு இங்கேயும் அதே டெஸ்க் எண் 47 வந்தது.

இன்னொன்று தொழிலின் தன்மை. தயாரிப்பாளர்கள் இந்த இடத்தில் Factory / Manufacturing என்று பதிவு செய்வார்கள். இந்தக் கம்பெனிக்கு Office / Sale Office என்றும் Wholesale Business என்றும் மட்டுமே இருந்தது. அதாவது, "சொந்தத் தொழிற்சாலை" என்று என் மச்சானிடம் சொன்ன கம்பெனி, வரித்துறையிடம் அப்படிச் சொல்லவில்லை. வேறொருவர் தயாரித்ததை வாங்கி விற்பது தவறல்ல, ஆனால் அதைச் சொந்தத் தயாரிப்பு என்று சொல்லி முன்பணம் கேட்பது வேறு விஷயம்.

கீழே Show Filing Table என்ற பொத்தானை அழுத்தினால், எந்தெந்தக் காலத்துக்கு வரி விவரம் தாக்கல் செய்தார்கள் என்ற தேதிப் பட்டியல் வரும். GSTR-3B என்ற படிவம் கடைசியாக எப்போது தாக்கலானது என்பதே முக்கியம். சிறு வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருவதால், இரண்டு மாத இடைவெளியைக் கண்டு பதற வேண்டியதில்லை. இந்தக் கம்பெனி ஐந்து மாதமாக எதுவும் தாக்கல் செய்திருக்கவில்லை.

தொழிற்சாலை கூடுதல் தொழிலிடமாகப் பதிவாகியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். அதைத் தெளிவுபடுத்தக் கம்பெனியிடமே ஓர் ஆவணம் கேட்கலாம். REG-06 எனப்படும் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழின் Annexure A என்ற இணைப்பில் கூடுதல் தொழிலிடங்கள் எல்லாம் முகவரியோடு இருக்கும். இந்தச் சான்றிதழை ஒவ்வொரு தொழிலிடத்திலும் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அதைக் கேட்பது இரகசியத்தைத் துருவுவது ஆகாது. உண்மையான தொழிற்சாலை வைத்திருப்பவர் கைபேசியில் படம் பிடித்து உடனே அனுப்பிவிடுவார். மச்சான் கேட்டார். "அனுப்புகிறேன் சார்" என்ற பதில் மூன்று நாள் தொடர்ந்து வந்தது, ஆவணம் வரவில்லை.

## நூறு ரூபாயில் கிடைக்கும் கோப்பு

பெரிய தொகையாக இருந்தால் இன்னொரு படி உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம் செலுத்தினால், அது தாக்கல் செய்த பொது ஆவணங்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறக்கிக்கொள்ளலாம். முகவரிச் சான்றுகள், தொடக்கக்காலப் பதிவு ஆவணங்களிலோ பதிவு அலுவலக முகவரியைத் தெரிவிக்கும் INC-22 என்ற படிவத்தின் இணைப்பிலோ இருக்கும். அங்கே வாடகை ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். உண்மையான அலுவலக வாடகை ஒப்பந்தத்தில் சதுர அடியும் எல்லையும் வரும். விர்ச்சுவல் ஒப்பந்தத்தில் அவற்றுக்குப் பதிலாக "தபால் பெறும் வசதி", "முகவரிப் பயன்பாடு" போன்ற சொற்கள் வரும்.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தம் முடியும் தேதி. 11 மாதம் முடிந்தபின் கம்பெனி பணம் கட்டாவிட்டால் சேவை நிறுவனம் அதன் தபாலை வாங்காது, ஆனால் அரசுப் பதிவில் பழைய முகவரி அப்படியே நிற்கும். சந்தா செலுத்தப்பட்டுவரும் விர்ச்சுவல் அலுவலகத்தைவிட, காலாவதியான விர்ச்சுவல் முகவரிதான் உண்மையில் ஆபத்தானது. முன்னதற்கு அனுப்பிய நோட்டீஸை யாராவது கையெழுத்திட்டு வாங்குவார்கள். பின்னதற்கு அனுப்பியது "இடம் மாறிவிட்டார்" என்ற குறிப்போடு திரும்பி வரும், பணம் கொடுத்தவர் யார் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பார்.

## நேரில் போய்ப் பார்த்தால்

நான் வேறு வேலையாகச் சென்னை போனபோது அந்தத் தளத்துக்கும் போனேன். லிஃப்ட் திறந்ததும் கண்ணாடிக் கதவு, அதன் பக்கத்தில் சேவை நிறுவனத்தின் பெயர் மட்டும். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். அவர் பிளாஸ்டிக் உறைகள் அடங்கிய ஒரு கோப்பைப் புரட்டி, ஓர் உறையில் இருந்த ஏ4 தாளைக் காட்டினார். அதுதான் அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை.

"அவங்க இங்க உட்கார்றது இல்ல சார். தபால் வந்தா வாங்கி வெச்சுட்டு மெயில் போட்டுடுவோம்" என்றார். "கடைசியா எப்ப வந்து வாங்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டேன். அதைச் சொல்ல அனுமதி இல்லை என்றார். அது நியாயமான பதில்தான். அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கம்பெனிக்கு இங்கே இருக்கை உண்டா, தபால் சேவை மட்டுமா என்பதுதான். அதற்கு அவர் ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டார்.

பெயர்ப்பலகை பற்றிச் சட்டம் சொல்வது பலருக்கும் தெரிவதில்லை. தொழில் நடக்கும் ஒவ்வொரு இடத்தின் வெளியிலும் கம்பெனியின் பெயரும் பதிவு அலுவலக முகவரியும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பகுதியில் வழங்கும் மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு 12 கூறுகிறது. சென்னையில் என்றால் தமிழிலும். கம்பெனி தொழில் நடத்தவில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், அரசின் கம்பெனிப் பதிவாளர் பதிவு அலுவலகத்தை நேரில் ஆய்வு செய்யலாம். அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் அதைச் செய்து படமும் எடுக்க வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. ஆய்வில் குறை தெரிந்தால், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம்.

## இந்த முறை எங்கே தவறும்

மூன்று மாதத்துக்கு உண்மையான அலுவலகத்தை வாடகைக்கு எடுத்து, ஆட்களையும் உட்காரவைத்து ஏமாற்றுபவரை இந்தப் பரிசோதனை பிடிக்காது. முகவரி சரியாக இருக்கிறது என்பது பொருள் சரியாக வரும் என்பதற்கு உறுதி ஆகாது.

மறுபக்கத்தில், நல்லவரையும் இது சந்தேகத்தில் நிறுத்தக்கூடும். மச்சானின் எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் வடிவமைத்துத் தரும் சிறு கம்பெனியின் விலைப்பட்டியலை, ஊருக்குத் திரும்பியபின் தற்செயலாகப் பார்த்தேன். அதே கட்டடம், அதே மூன்றாவது தளம், டெஸ்க் எண் மட்டும் 31. கணவனும் மனைவியும் நடத்தும் கம்பெனி அது. ஜி.எஸ்.டி. தளத்தில் Supplier of Services என்று இருந்தது, வரி விவரங்கள் தவறாமல் தாக்கலாகியிருந்தன, அவர்கள் செய்யும் தொழிலுக்கு ஒரு மேசைக்கு மேல் தேவையும் இல்லை. இரண்டு வருடமாக மச்சான் அவர்களிடம்தான் வேலை கொடுக்கிறார்.

"அப்ப அந்த மிஷின்காரனுக்கு ஒரு லெட்டர் போடலாமா மாப்ளே?" என்றார் மச்சான். தொழிற்சாலையின் முகவரியையும் சான்றிதழின் இணைப்பையும் கேட்டு, பதிவு முகவரிக்கு ஒப்புகையோடு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். நான்காம் நாள் ஒப்புகை வந்து சேர்ந்தது, சேவை நிறுவனத்தின் முத்திரையும் வரவேற்பு மேசைப் பெண்ணின் கையெழுத்துமாக. கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. முன்பணம் 2,40,000 ரூபாய் போகவும் இல்லை. மச்சான் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அங்கே பணம் கட்டினார்.